விடை −26 என்று வருகிறது, மைனஸை எடுத்துவிடலாமா?

கேள்வி: Z = 4x + 3y என்ற செலவை மீச்சிறு ஆக்க வேண்டும். 2x + y ≥ 10, x + y ≥ 8, x, y ≥ 0. குறியை மாற்றி மீப்பெரு கணக்காக சிம்ப்ளெக்ஸில் போட்டேன், கடைசி அட்டவணையில் −26 வருகிறது. செலவு மைனஸில் இருக்காதே, 26 என்றே எழுதிவிடலாமா?

பதில்: 26 சரிதான், ஆனால் நீங்கள் சொன்ன காரணத்துக்காக இல்லை. நீங்கள் பெரிதாக்கியது Z-ஐ அல்ல, W = −4x − 3y என்ற வேறொரு சார்பை. அட்டவணை காட்டும் −26 அந்த W-வின் மதிப்பு. Z = −W என்பதால் Z = 26. x = 2, y = 6 மட்டும் இரண்டுக்கும் பொது, அதில் கை வைக்க வேண்டாம்.

"செலவு என்றால் பிளஸ்தான்" என்று மைனஸை உதிர்க்கும் பழக்கம் எங்கே காலை வாரும் என்றால், சார்பில் ஒரு மாறிலி இருக்கும்போது. நிலையான வரவு 50 இருக்கிறது, அதைக் கழித்த நிகரச் செலவு Z = 4x + 3y − 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது W = −4x − 3y + 50, அதாவது மாறிலிக்கும் சேர்த்துக் குறி மாற வேண்டும். அதே புள்ளியில் W-வின் மீப்பெரு மதிப்பு 24, ஆக Z = −24. இங்கே அட்டவணையில் மைனஸே இல்லை, விடையில்தான் இருக்கிறது! மைனஸை அழிப்பவர் 24 என்று எழுதிவிட்டு, கையில் மிஞ்சும் தொகையைச் செலவு என்று காட்டிவிடுவார். குறியை அழிப்பது வேறு, −1ஆல் பெருக்குவது வேறு.

அப்புறம், கட்டுப்பாடுகள். நிறைய பேர் சார்பைத் திருப்பிய வேகத்தில் ≥ எல்லாவற்றையும் ≤ ஆக்கிவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் அப்படிச் செய்தால் x = 0, y = 0 என்று விடை வந்து நிற்கும், செலவும் 0, அதைப் பார்த்ததுமே எங்கே தவறு என்று தெரிந்துவிடும். இருபுறமும் −1ஆல் பெருக்கி −2x − y ≤ −10 என்று எழுதுவது வேறு விஷயம், அது அதே கட்டுப்பாடுதான்.

பிக்-எம் முறை என்றால் இன்னொன்றும் பாருங்கள்: மீப்பெரு வடிவுக்கு வந்த பிறகு செயற்கை மாறிகளின் கெழு −M. பழைய நினைவில் +M போட்டால் அவை வெளியேறுவதற்குப் பதில் தீர்விலேயே உட்கார்ந்துவிடும்.

சந்தேகம் வந்தால் குறியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், கிடைத்த x, y-ஐ முதலில் கொடுத்த Z-இல் நேராகப் போடுங்கள்: 4×2 + 3×6 = 26. விடைத்தாளில் "மீச்சிறு Z = −(மீப்பெரு W) = −(−26) = 26" என்று ஒரு வரி எழுதிவிட்டால் திருத்துபவருக்கும் கேள்வி இருக்காது.