சூப்பர்ட்ரெண்ட்: 2-க்கும் 3-க்கும் நடுவில் என்ன நடக்கிறது?

கேள்வி: “ஒரே சார்ட்தான். மல்டிபிளையரை 3-லிருந்து 2 ஆக்கினால் சிக்னல் எல்லாமே மாறிவிடுகிறது. ஏன் இப்படி? எதை வைத்துக்கொள்வது?”

சூப்பர்ட்ரெண்ட் என்பது சார்ட்டில் விலையோடு ஓடி, வாங்கவும் விற்கவும் சிக்னல் தரும் கோடு. முதலில் அந்தக் கோடு எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிடுவோம். மீதி தானாகப் புரியும்.

```
hl2   = (high + low) / 2
upper = hl2 + m * ATR
lower = hl2 - m * ATR
```

இதில் `m` தான் மல்டிபிளையர். `ATR` என்பது விலை ஒரு கேண்டிலில் சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு. விலை ஏறிக்கொண்டிருக்கும்போது `lower` மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். அது மேலே ஏறும், ஆனால் இறங்காது. புதிய கணக்கு நேற்றைய கோட்டைவிடக் கீழே வந்தால் நேற்றையதே நிற்கும். குளோசிங் விலை அந்தக் கோட்டுக்குக் கீழே போனால்தான் சிவப்பு. அப்போது `upper` சிவப்புக் கோடாகத் தெரியும், அது இறங்கும், ஆனால் ஏறாது. குளோசிங் அதற்கு மேலே போனால் மறுபடி பச்சை. அன்றைய லோ மட்டும் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் கணக்கில் வராது. அதனால் கேண்டில் முடிவதற்கு முன் நிறம் மாறினால் அதை சிக்னலாக எடுக்காதீர்கள், முடியும்போது மறுபடி பச்சையாகிவிடலாம்.

இப்போது ஒரு கணக்கு. எளிமைக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள் இவை. ஒரு பங்கின் ATR 10 ரூபாய், சில நாள் அப்படியே இருக்கிறது. உச்ச நாளில் ஹை 528, லோ 516. நடு 522. மல்டிபிளையர் 2 என்றால் கோடு 502-ல், 3 என்றால் 492-ல்.

அடுத்த நாட்களில் குளோசிங் 515, 508, 500, 497 என்று இறங்குகிறது. 500-ல் முடிந்த அன்றே 2 வைத்தவருக்கு விற்கச் சொல்லிவிட்டது. 3 வைத்தவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. 497-ல் முடிந்த நாளின் ஹை 504, லோ 494, நடு 499. அதனால் 2 வைத்தவரின் சிவப்புக் கோடு இப்போது 499 + 20, அதாவது 519. அப்புறம் விலை 505, 513, 522 என்று ஏறுகிறது. 522-ல் மறுபடி வாங்கச் சொல்கிறது. 500-க்கு விற்றதை 522-க்கு வாங்கியாயிற்று, 22 ரூபாய் போனது. தரகும் வரியும் தனி.

பலர் கவனிக்காத இடம் இதுதான். மல்டிபிளையர் வெளியேறும் இடத்தை மட்டும் தீர்மானிப்பதில்லை, திரும்பி உள்ளே வரும் இடத்தையும் அதுவே தீர்மானிக்கிறது. ஒரு தப்பான திருப்பத்தின் விலை கிட்டத்தட்ட மல்டிபிளையர் × ATR. எண்ணைக் குறைத்தால் தப்பு சிறியது, ஆனால் அடிக்கடி வரும். கூட்டினால் அபூர்வமாக வரும், ஆனால் வரும்போது பெரிதாக வரும். அந்தப் பங்கு 497-ல் நிற்காமல் 490-ல் முடிந்திருந்தால் 3 வைத்தவர் அங்கேதான் வெளியே வந்திருப்பார். 2 வைத்தவர் 500-லேயே வந்துவிட்டார்.

நான் தொடக்கத்தில் செய்த தவறு, நஷ்டம் வந்த மறுநாள் எண்ணை மாற்றுவது. 3 வைத்து ஒரு பெரிய இறக்கத்தில் மாட்டிக்கொண்டு 2 ஆக்கினேன். அடுத்த இரண்டு வாரம் சந்தை பக்கவாட்டில் ஆடியது, அதில் ஐந்து முறை உள்ளே வெளியே போய்வந்து முன்பு விட்டதைவிட அதிகம் விட்டேன். அதற்குப் பிறகுதான் பின்வாங்கல்களை அளக்கத் தொடங்கினேன்.

அது இப்படி. உங்கள் பங்கில், உங்கள் டைம்ஃப்ரேமில், ஏற்றம் முறியாமல் தொடர்ந்த இருபது பின்வாங்கல்களை எடுங்கள். உச்ச கேண்டிலின் நடுவிலிருந்து மிகக் குறைந்த குளோசிங் வரை எத்தனை ATR என்று எழுதுங்கள். மேலே சொன்ன கணக்கில் 522-லிருந்து 497, அதாவது 2.5 ATR. பெரும்பாலானவை 2-க்கும் 2.5-க்கும் நடுவில் விழுந்தால் 2 உங்களை ஓயாமல் வெளியே தள்ளும், 3 தாங்கும். எல்லாமே 1.5-க்குள் என்றால் 3 வைப்பது வீணாகக் காத்திருப்பது. 3 வைத்தால் ஒரு தப்புக்கு ஆகும் செலவு கூடும், அதற்கேற்றபடி வாங்கும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மல்டிபிளையர் மாறாவிட்டாலும் ATR மாறும். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 1,135 புள்ளிகள் விழுந்தது. பத்து நாள் ATR-ஐ வைல்டர் முறையில், அதாவது பழைய சராசரியில் பத்தில் ஒன்பதும் புதிய நாளில் பத்தில் ஒன்றும் சேர்த்துப் போட்டால், அந்த ஒரு நாளின் பங்கு மட்டும் 113 புள்ளிக்கு மேல், மல்டிபிளையர் 3 என்றால் கோட்டில் அது 340 புள்ளி. அது மெதுவாகத்தான் கரையும், நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு. அந்த மாதிரிக் காலத்தில் சிவப்புக் கோடு விலைக்கு வெகு மேலே நிற்கும், வாங்கும் சிக்னல் தாமதமாகத்தான் வரும். அதைப் பார்த்து அவசரப்பட்டு எண்ணைக் குறைத்தால் ஒவ்வொரு துள்ளலுக்கும் நிறம் மாறும்.

உங்கள் சார்ட்டும் நண்பரின் சார்ட்டும் ATR 10 நாள், மல்டிபிளையர் 3 என்று ஒரே எண்கள் வைத்தும் ஒத்துப்போகவில்லையா? ஒன்றில் ATR-க்கு வைல்டர் சராசரி, இன்னொன்றில் சாதாரண சராசரி இருக்கலாம். செட்டிங்ஸில் அதை முதலில் பாருங்கள்.