எலும்பு வலிக்கெல்லாம் தண்ணீர்தான் காரணமா? மைலோமா குறித்து வாசகர் கேள்விகள்

என் அப்பாவுக்கு வயது 61. ஆறு மாதமாக முதுகிலும் இடுப்பிலும் வலி. ஃபுளோரைடு தண்ணீர் குடித்த எலும்பு என்று ஊரில் சொன்னதால் வலி மாத்திரை கொடுத்து வந்தோம். இப்போது மல்டிபிள் மைலோமா என்கிறார்கள். தண்ணீரால் வந்ததா? (பென்னாகரம்)

இல்லை. எலும்பு மஜ்ஜையில் தோன்றும் புற்றுநோயான மைலோமாவை ஃபுளோரைடு உண்டாக்குவதாகச் சான்று எதுவும் கிடையாது. ஆனால் உங்கள் ஊரார் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த தலைமுறையில், ஃபுளோரைடு மிகுந்து எலும்பைக் கெடுக்கும் ஃபுளோரோசிஸ் பாதிப்பு நம் பக்கம் பரவலாக இருந்ததால், முதுகு வலி என்றாலே அந்த ஒரு காரணத்தைச் சொல்லி முடித்துவிடும் பழக்கம் வந்துவிட்டது.

இரண்டு நோய்களும் எலும்பைப் பெரும்பாலும் எதிரெதிர் வழிகளில் கெடுக்கின்றன. ஃபுளோரோசிஸில் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் எக்ஸ்ரேயில் வழக்கத்தைவிட வெண்மையாக, அடர்ந்து தெரியும். மைலோமாவில் எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்களில் ஒன்று புற்றுநோயாகிப் பெருகி, எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டுவதோடு, எலும்பைக் கட்டும் செல்களின் வேலையையும் முடக்கிவிடுகிறது. அரித்த இடத்தை நிரப்ப ஆளில்லாததால் அங்கே ஓட்டை விழுகிறது. பளு தூக்காமலே, குனிந்து நிமிர்ந்த மாத்திரத்தில் முதுகெலும்பு நொறுங்கி உயரம் குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எக்ஸ்ரே சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடவும் முடியாது. எலும்பின் கனிமத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகே எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியத் தொடங்கும். எலும்பு கட்டப்படும் இடங்களைக் காட்டும் போன் ஸ்கேனும் இந்த நோயில் ஏமாற்றிவிடக்கூடும். குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் முழு உடல் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனே நம்பத்தக்கது.

இரத்தத்தில் மொத்தப் புரதம் 10.4, அல்புமின் 3.2. ஆன்டிபாடி மிகுதியாக இருக்கிறது என்றார் மருத்துவர். அப்படியானால் எதிர்ப்புச் சக்தி கூடியிருக்க வேண்டுமே, அம்மாவுக்கு ஓராண்டில் இரண்டு முறை நிமோனியா வந்தது ஏன்? (ஊத்தங்கரை)

முதலில் அந்த எண்களைக் கழித்துப் பாருங்கள். 10.4-இல் 3.2 போனால் 7.2. இதுதான் ஆன்டிபாடிகள் அடங்கிய குளோபுலின், வழக்கமாக 3.5-ஐத் தாண்டாது. இந்தக் கழித்தலுக்குத் தனிச் செலவு ஏதுமில்லை, சாதாரண இரத்தப் பரிசோதனைத் தாளிலேயே இருக்கிறது, ஆனாலும் பலர் கண்ணில் படாமல் போகிறது.

நல்ல உடலில் எண்ணற்ற வகைப் பிளாஸ்மா செல்கள் உள்ளன. ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு கிருமிக்கான ஆன்டிபாடியைச் செய்கிறது. மைலோமாவில் ஒரே செல்லின் வாரிசுகள் ஒரே அச்சில் வார்த்த புரதத்தைக் குவிக்கின்றன. எம்-புரதம் எனப்படும் அது எந்தக் கிருமிக்கும் பயன்படுவதில்லை. மற்ற செல்கள் நெருக்கி ஒடுக்கப்படுவதால், பயனுள்ள ஆன்டிபாடிகள் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. மொத்தக் கணக்கில் மிகுதி, உண்மையில் பற்றாக்குறை. புரத எலக்ட்ரோஃபோரிசிஸ் சோதனையில் ஒரே புரதம் கூரான முகடாக உயர்ந்து நிற்பதையும், பக்கத்தில் மற்றவை தாழ்ந்து கிடப்பதையும் ஒருசேரக் காணலாம். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நிமோனியா, இன்ஃப்ளுயன்ஸா தடுப்பூசிகளை எப்போது போடுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கிரியாட்டினின் 2.8 ஆகிவிட்டது. ஆனால் பட்டை நனைத்துப் பார்த்த சிறுநீர்ச் சோதனையில் புரதம் 'நில்' என்று வந்தது. எதை நம்புவது? (காரிமங்கலம்)

இரண்டையும் நம்பலாம். கிரியாட்டினின் இப்படிக் கூடினால் சிறுநீரகம் திணறுகிறது என்று பொருள், பட்டையோ ஒன்றுமில்லை என்கிறது. இந்த முரண்பாடே ஒரு தடயம். அந்தப் பட்டை முக்கியமாக அல்புமினுக்குத்தான் நிறம் மாறும். மைலோமாவில் சிறுநீரகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஆன்டிபாடியின் உதிரிப் பாகமான லேசான சங்கிலி. அளவில் சிறியதாகையால் அது சிறுநீரக வடிகட்டியைக் கடந்துவிடுகிறது. பின்னர் நுண்குழாய்களில் இயல்பாகவே சுரக்கும் வேறொரு புரதத்தோடு ஒட்டிக் கட்டியாகி, வாய்க்காலில் வண்டல் படிவதுபோல் குழாயை அடைக்கிறது. பட்டைக்கு இது தெரிவதில்லை. 24 மணி நேரச் சிறுநீரில் புரத அளவும், இரத்தத்தில் தனித்திருக்கும் கப்பா, லாம்டா என்னும் இருவகை லேசான சங்கிலிகளின் விகிதமும் பார்த்தால்தான் புலப்படும்.

நீர்ச்சத்து குறைந்தால் இந்த அடைப்பு விரைவாகும். எலும்பு கரைந்து இரத்தத்தில் கால்சியம் கூடினால் சிறுநீர் அதிகம் பிரிந்து உடல் வறளும். அப்படித்தான் எலும்பின் கேடு சிறுநீரகத்துக்கும் வந்து சேர்கிறது. எலும்பு வலிக்கென்று மருந்துக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள், ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்தை ஓரிரு வாரத்தில் செயலிழக்கச் செய்துவிடக்கூடும். பென்னாகரம் வாசகரும் இதை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதாவிட்டால் வேறு வகை மருந்துகளை மருத்துவரே தருவார். சிகிச்சை விரைந்து தொடங்கி லேசான சங்கிலி குறைந்தால் சிறுநீரகம் ஓரளவு மீள்வதுண்டு. தாமதிக்கத் தாமதிக்க அந்த வாய்ப்பு சுருங்கும்.

எலும்புக்கு ஊசி போடும் முன் பல் மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். எலும்புக்கும் பல்லுக்கும் என்ன? (ஓசூர்)

ஸோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் ஆகிய ஊசிகள் எலும்பு அரிப்பைத் தடுப்பவை. இவற்றைப் போட்டுக்கொள்ளும் காலத்தில் பல்லைப் பிடுங்கினால், சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும் நிலை வரும். ஆகவே பிடுங்க வேண்டிய பல்லை முன்னதாகவே பிடுங்கி, புண் ஆறிய பிறகு ஊசியைத் தொடங்குவார்கள். முதலில் சொன்ன ஊசிக்குச் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து அளவைக் குறைப்பார்கள், மோசமாக இருந்தால் தவிர்த்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் கிரியாட்டினின் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.