விகிதத்தை ஏற்றாதீர்கள், வரவைத் திருத்துங்கள்

கேள்வி: எங்களுக்கு ஜவ்வரிசி மில் இருக்கிறது. களத்தில் காயப்போடுவதை விட்டுவிட்டு 60 லட்சத்துக்கு ட்ரையர் போடலாம் என்கிறார் மேனேஜர். விறகுச் செலவு போக மூட்டைக்கு 100 ரூபாய் கூடுதலாகக் கிடைக்குமாம். தினம் 80 மூட்டை, வருஷம் 250 நாள், ஆக 20 லட்சம் வீதம் 5 வருஷம். வரப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்து, போட்ட முதலைக் கழித்தால் மிஞ்சும் என்.பி.வி. 12 சதவீதத்தில் பிளஸ்தான் வருகிறது. ஆனால் இவர் முன்பு போட்ட கணக்கு எதுவும் சொன்னபடி நடந்ததில்லை. பாதுகாப்புக்கு 18 சதவீதம் வைத்துப் பார்க்கலாமா?
– வாசகர், ஆத்தூர், சேலம் மாவட்டம்

பதில்: வேண்டாம். 18 சதவீதம் வைத்தாலும் இந்தக் கணக்கு தேறிவிடும். 12-இல் என்.பி.வி. சுமார் 12 லட்சம், 18-இல் இரண்டரை லட்சம். இரண்டுமே பிளஸ்தான். நீங்கள் பயப்படும் கோளாறு அப்படியே உள்ளே இருக்கும்.

இந்த 12, 18 என்கிற டிஸ்கவுண்ட் ரேட்டை ஏற்றினால் அடி விழுவது தூரத்து வருஷங்களுக்கு. முதல் வருஷத்து 20 லட்சம் 12 சதவீதத்தில் 17.9 லட்சம் என்றால், 18-இல் 16.9. ஒரு லட்சம்கூடக் குறையவில்லை. ஐந்தாம் வருஷத்து 20 லட்சமோ 11.3-இலிருந்து 8.7-க்கு இறங்குகிறது. ஆனால் புது மெஷினில் கணக்கு சறுக்குவது பெரும்பாலும் முதல் வருஷத்தில்தான்: மெஷின் வந்து சேரத் தாமதம், கரன்ட் லோடு கூட்டி வாங்குவது, சூடு சரியாகப் பிடிபடும்வரை பழுக்கும் சரக்கு. 60 லட்சம் என்ற செலவை விகிதம் தொடுவதே இல்லை. அது இன்றே போகிற பணம்.

விகிதத்தை 12-இலேயே விட்டுவிட்டு, பழைய கோப்புகளை எடுங்கள். மேனேஜர் முன்பு கேட்ட ஒவ்வொரு திட்டத்துக்கும் சொன்ன செலவு, ஆன செலவு, சொன்ன வரவு, வருஷவாரியாக வந்த வரவு என்று ஒரே தாளில் எழுதுங்கள். இதை மேனேஜர் செய்யக் கூடாது, கணக்குப்பிள்ளை செய்யட்டும். உதாரணத்துக்கு, செலவு சராசரியாக 10 சதவீதம் ஏறியது, வரவு முதல் வருஷம் சொன்னதில் பாதி, இரண்டாம் வருஷம் 80 சதவீதம், அப்புறம் 90 என்று வந்தால், இந்த ட்ரையருக்கும் அதையே போடுங்கள். செலவு 66 லட்சம். வரவு 10, 16, 18, 18, 18.

```
=NPV(12%,B2:B6)-B1
```

B1-இல் 66, B2 முதல் B6 வரை ஐந்து வருஷத்து வரவு. இன்று போடும் முதலை அடைப்புக்குள் சேர்த்துவிடாதீர்கள். எக்செல் அதை ஒரு வருஷம் தள்ளிப் போட்டுக் கணக்குப் பார்த்துவிடும். விடை மைனஸ் 10 லட்சத்தை ஒட்டி வரும். பிளஸ் 12, மைனஸ் 10 ஆகிவிட்டது, விகிதத்தைத் தொடாமலே.

மூன்று நாலு திட்டத்தை வைத்து எடுக்கும் சராசரி ஆட்டம் காணும் என்பது உண்மைதான். ட்ரையர் போட்ட இன்னும் இரண்டு மில்காரர்களிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பேங்க்குக்கு எழுதிய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை மட்டும் ஆதாரமாக எடுக்காதீர்கள். அது கடன் வாங்க எழுதியது.

பழைய கோப்பு இல்லையென்றால் அந்த 250 நாளைப் பிடியுங்கள். கிழங்கு வரத்து சீசனைப் பொறுத்தது. சீசன் வேகத்தை வருஷம் முழுக்க நீட்டியிருந்தால் அங்கேயே ஓட்டை. மில் எத்தனை நாள் ஓடியது என்பதை மேனேஜரிடம் கேட்க வேண்டாம், கடைசி மூன்று வருஷத்துக் கரன்ட் பில்லும் கிழங்கு எடைச் சீட்டும் சொல்லும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேனேஜர் மனசில் இருப்பது நல்லபடியாகப் போகும் வருஷம். நல்ல வருஷத்தில் 250-க்கு மேல் பத்து நாள் கூடலாம். கிழங்கு குறைந்தால் நூறு நாளே குறையலாம். ஆகவே சராசரி எப்போதும் அவர் சொல்லும் எண்ணுக்குக் கீழேதான் நிற்கும். மோசமான வருஷம் 140, வழக்கமானது 220, நல்லது 250 என்று பதிவில் இருந்தால், மூன்றையும், அதில் நடு எண்ணை மட்டும் இரண்டு முறை, கூட்டி நாலால் வகுங்கள்: 207 நாள். வருஷ வரவு 20 லட்சத்திலிருந்து 16.6 லட்சமாகும். அவ்வளவிலேயே என்.பி.வி. ஏறக்குறைய பூஜ்ஜியம்.

நாளையும் குறைத்து, மேலே சொன்ன 50, 80, 90-ஐயும் போட்டு இரண்டு முறை வெட்டிவிடாதீர்கள். பழைய திட்டங்கள் சறுக்கியதில் நாள் குறைந்ததும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும்.

எல்லாத் திட்டத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு 20 சதவீதம் வெட்டுவேன் என்று அறிவிப்பதும் உதவாது. அடுத்த முறை மேனேஜர் 20 லட்சத்துக்குப் பதில் 25 லட்சம் எழுதிக்கொண்டு வருவார். எந்த வரிக்கு எவ்வளவு வெட்டு, எந்தப் பதிவிலிருந்து என்று அவர் முன்னாலேயே போடுங்கள். ட்ரையர் போட்டால், 12 மாதம் கழித்து அதே தாளில் நடந்ததை எழுதிவிடுங்கள். எண் குறைந்ததற்காக போனஸில் கை வைத்தால், அடுத்த திட்டத்தில் வேண்டுமென்றே குறைத்துச் சொல்லுவார். நல்ல மெஷின் ஒன்று கைநழுவும்.