ஒரு காது மட்டும் மந்தம்: டிக்டேஷனில் தப்பு ஏன்?

“மகள் மூணாவது படிக்கிறாள், பாம்பன். வலது காதில் மட்டும் 30 டெசிபல் குறைவாம். வீட்டில் எல்லாம் கேட்கிறது. டிக்டேஷனில் மட்டும் ஏன் இவ்வளவு தப்பு?”

அமைதியான வீட்டில் ஒரு காதே போதும், வகுப்பறையில் போதாது. இரண்டு காதும் சேர்ந்தால்தான் மூளை இரைச்சலிலிருந்து பேச்சைச் சுலபமாகப் பிரிக்கும். கடற்காற்றில் சன்னல் அடிக்கும், ஃபேன் ஓடும், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்வார்கள். அந்த நேரம் டீச்சர் வலப்பக்கம் நின்றால், இடது காதுக்குப் போகும் சத்தத்தைத் தலையே மறைக்கும். முதலில் நழுவுவது க, ச, த, ப போன்ற சன்னமான மெய்யொலிகள். ‘பட்டம்’ ‘கட்டம்’ ஆகிவிடும்.

டிக்டேஷன் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். இப்படி ஒலியே மாறிய தப்புகள் அதிகமென்றால் காதைச் சந்தேகிக்கலாம். ர-ற, ண-ன குழப்பம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான்.

கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்தால் வலது ஓரம், முன்வரிசை கேளுங்கள்; நல்ல காது வகுப்பைப் பார்த்திருக்கும். அப்புறம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம், செவிப்பறை சரியாக அசைகிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி சோதனை எடுத்தார்களா என்று கேளுங்கள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தால், அது பெரும்பாலும் சரியாகக்கூடிய குறை. குறைவு திடீரென வந்திருந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.