ஒப்பந்தச் சட்டத் தேர்வு: காலையில் கையில் இருக்க வேண்டிய ஒரே தாள் (கேள்வி பதில்)

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் வரி பிசகாமல் எழுத வேண்டிய வரையறைகளைப் பற்றி வந்த கேள்விகளும், சட்ட ஆசிரியர் ஒருவரின் பதில்களும்.

முதலாண்டு மாணவி: மேடம், நாளைக்கு மறுநாள் கான்ட்ராக்ட் பேப்பர். ஒரே பக்கத்துல எத்தனை டெஃபனிஷன் எழுதலாம்? எனக்கு எல்லாமே முக்கியமா தெரியுது.

பத்து போதும். பிரிவு 2-இல் (a), (b), (d), (e), (g), (h), (i), (j) ஆகிய எட்டு. அதோடு பிரிவு 13-இல் இசைவு, பிரிவு 15-இல் வற்புறுத்தல். ஈட்டுறுதி (124), பொறுப்புறுதி (126), ஒப்படைப்பு (148) மூன்றும் உங்கள் பாடத்திட்டத்தில் இதே தாளில் வந்தால் அவற்றையும் சேருங்கள். அடுத்த தாளில் என்றால் தொடவே வேண்டாம். மோசடியைச் சொல்லும் பிரிவு 17-க்கு மட்டும் ஐந்து உட்பிரிவுகள் இருக்கின்றன. அதை முழுதாக எழுதினால் பக்கத்தில் பாதி போய்விடும். உட்பிரிவுக்கு ஒரு சொல் வீதம் ஒரே வரியில் முடித்துவிடுங்கள்.

தோழியின் தாளை ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். இன்றிரவு புத்தகத்தை மூடிவிட்டு, பத்தையும் மனப்பாடமாக எழுதுங்கள். பிறகு பேர் ஆக்ட்டைத் திறந்து ஒப்பிட்டு, விட்டுப்போன சொற்களை மட்டும் சிவப்பு மையில் மேலே எழுதுங்கள். தேர்வன்று காலையில் சிவப்பை மட்டும் படித்தால் போதும். உங்கள் கை எந்தச் சொல்லைத் தவறவிடுகிறது என்பது அடுத்தவர் தாளில் இருக்காது.

கடலூர் மாணவர்: மேடம், மறுபயன் டெஃபனிஷன்ல ரெண்டு வரி வருது, மூணாவதுல நின்னுடுது. எப்படி உடைச்சுப் படிக்கிறது?

ஒரே மூச்சில் சொல்ல முயல்வதால்தான் நிற்கிறது. தாளில் நான்கு வரிகளாக மடித்து எழுதுங்கள்:

வாக்குறுதி அளிப்பவரின் விருப்பத்தின்பேரில்,
வாக்குறுதி பெறுபவரோ வேறு எவருமோ,
ஒன்றைச் செய்திருந்தாலோ செய்யாது விட்டிருந்தாலோ, செய்தாலோ செய்யாது விட்டாலோ, செய்வதாகவோ செய்யாது விடுவதாகவோ வாக்களித்தாலோ,
அச்செயல் அல்லது செய்யாமை அல்லது வாக்குறுதி, அந்த வாக்குறுதிக்கான மறுபயன் எனப்படும்.

நீங்கள் நிற்கும் மூன்றாவது வரியில் இருப்பது மூன்று காலங்கள்: முடிந்தது, நடப்பது, வரப்போவது. ஒவ்வொன்றுக்கும் செய்தல், செய்யாமை என்று இரண்டு. இந்த ஆறையும் விரல்விட்டு எண்ணிச் சொன்னால் எது விட்டுப்போனது என்று உடனே தெரியும்.

முதல் இரண்டு வரிகளைக் காப்பாற்ற ஆளுக்கொரு வழக்கைப் பக்கத்தில் எழுதுங்கள். முதல் வரிக்கு துர்கா பிரசாத் எதிர் பல்தேவ், அலகாபாத், 1880. கலெக்டர் சொல்லி ஒருவர் கடைகள் கட்டினார். அங்கே வியாபாரம் செய்தவர்கள் விற்பனையில் கமிஷன் தருவதாகச் சொன்னார்கள். கட்டியது அவர்கள் விருப்பத்தின்பேரில் அல்ல, அதனால் மறுபயன் இல்லை. இரண்டாவது வரிக்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் சின்னையா எதிர் ராமய்யா, 1882. ஒரு மூதாட்டி மகளுக்குச் சொத்தைத் தானமாக எழுதி, தன் உடன்பிறப்புக்கு ஆண்டுதோறும் பணம் தர வேண்டும் என்றார். மகளும் அவருக்குத் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, ‘உங்களிடமிருந்து எனக்கு மறுபயன் வரவில்லையே’ என்று மறுத்தார். தாயிடமிருந்து வந்ததே போதும் என்றது நீதிமன்றம். ‘வேறு எவருமோ’ என்ற இரண்டு சொற்களை விட்டுவிட்டு இந்த வழக்கை எழுதினால், தீர்ப்புக்கு ஆதாரமே இல்லாமல் போய்விடும்.

மாலை வகுப்பு மாணவர்: செக்ஷன் நம்பர் கரெக்டா போட்டு, கருத்தை சொந்த நடையில எழுதினா போதும்னு சீனியர்கள் சொல்றாங்க. மனப்பாடம் தேவையே இல்லையே?

பாதி சரி. பிராப்ளம் கேள்விகளில் வரையறையின் எந்தக் கூறு பொருந்துகிறது என்று காட்டினால் போதும், நடை உங்களுடையதாக இருக்கலாம். ஆனால் (g)-யும் (j)-யும் அப்படி எழுதினால் கவிழும். (g): சட்டத்தால் செயல்படுத்த முடியாத உடன்பாடு இல்லாநிலையது. (j): சட்டத்தால் செயல்படுத்த முடியாமல் போகும் ஒப்பந்தம், அப்படிப் போகும்போது இல்லாநிலையது ஆகிறது. முதலாவது பிறக்கும்போதே செல்லாதது. இரண்டாவது உயிரோடு இருந்து பின்னால் செல்லாமல் போவது. சொந்த நடையில் எழுதுகிறவர்கள் இரண்டிலும் ‘ஒப்பந்தம்’ என்றே போட்டுவிடுகிறார்கள். (h)-இன்படி சட்டத்தால் செயல்படுத்தக்கூடிய உடன்பாடுதான் ஒப்பந்தம். எனவே (g)-இல் அந்தச் சொல் வந்தால் அடுத்த வரியே அதை மறுக்கும்.

எண் நிச்சயமாகத் தெரியாவிட்டால் எண்ணை விட்டுவிட்டு வாசகத்தை மட்டும் எழுதுங்கள். தவறான எண் கண்ணில் முதலில் படும்.

தனியார் நிறுவன ஊழியர்: மேடம், எங்க மாமா கடனுக்கு நான் ஷூரிட்டி போட்டிருக்கேன். பேங்க் முதல்ல அவர்கிட்ட வாங்கப் பார்த்துட்டுத்தானே என்கிட்ட வரணும்?

இங்கே பேசுவது தேர்வுத் தாளைப் பற்றி. ஆனாலும் உங்கள் கேள்வி 126-ஐ விளக்க உதவும். மூன்றாம் நபர் தவறும்பட்சத்தில் அவருடைய வாக்குறுதியை நிறைவேற்றவோ அவர் கடப்பாட்டைத் தீர்க்கவோ செய்துகொள்ளும் ஒப்பந்தமே பொறுப்புறுதி. ‘தவறும்பட்சத்தில்’ என்பதை ‘அவரிடம் வசூலிக்க முடியாவிட்டால்’ என்று பலர் படிக்கிறார்கள். அப்படி இல்லை. பிரிவு 128-இன்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, உங்கள் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் ஒரே அளவு. பாங்க் ஆஃப் பிஹார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் 1968-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. கையெழுத்திட்ட ஆவணத்தோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். மாணவர்கள் 126-க்குப் பக்கத்தில் 128 என்று எழுதி வையுங்கள்.

இளம் வழக்கறிஞர்: பிரிவு 15-இல் ‘இந்திய தண்டனைச் சட்டம் தடை செய்யும் செயல்’ என்றே இருக்கிறது. அந்தச் சட்டம் 1.7.2024 முதல் இல்லை. தாளில் பழைய பெயரை எழுதச் சொல்வது சரியா? அம்மிராஜு வழக்கு என்ன ஆகும்?

வரையறை என்று கேட்டால் பிரிவு 15-இல் உள்ள சொல்லையே எழுத வேண்டும். அடுத்த வாக்கியத்தில், 1897-ஆம் ஆண்டு பொது உட்பிரிவுகள் சட்டத்தின் பிரிவு 8-இன்படி அது பாரதிய நியாய சன்ஹிதாவைக் குறிப்பதாகக் கொள்ள வேண்டும் என்று சேர்க்கலாம். மேற்கோளுக்குள் பெயரை மாற்றினால் அது மேற்கோளாக இருக்காது.

அம்மிராஜு சிக்கலானதுதான். தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டி மனைவியிடமும் மகனிடமும் விடுதலைப் பத்திரம் வாங்கியதை, சென்னை உயர் நீதிமன்றத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் வற்புறுத்தல் என்றார்கள். தண்டனை இல்லாவிட்டாலும் அது தடை செய்யப்பட்ட செயல்தான் என்பது அவர்கள் வாதம். தற்கொலை முயற்சியைப் பொதுவாகத் தண்டிக்கும் 309-ஆம் பிரிவு அப்போது பக்கபலமாக இருந்தது. புதிய சட்டத்தில் அதற்கு நேரான பிரிவு இல்லை. பொது ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ முயல்வதை மட்டும் 226 சொல்கிறது.

இளம் வழக்கறிஞர்: அப்படியானால் குடும்பத்துக்குள் விடும் மிரட்டல் இனி வற்புறுத்தல் ஆகாது என்று எழுதலாமா?

அவ்வளவு உறுதியாக எழுதமாட்டேன். ‘தடை’ என்பதற்கு என்ன பொருள் என்பதை வைத்து இரண்டு பக்கமும் வாதிடலாம். மாணவர்கள் தாளில் ‘அம்மிராஜு: 309 இல்லை, 226 பார்க்க’ என்று எழுதிக்கொண்டு, விடையில் தீர்ப்பைச் சொல்லிவிட்டு இந்த மாற்றத்தையும் ஒரு வரியில் காட்டுங்கள்.