சைகோன் வீட்டு இஞ்சிக் கோழி

"அக்கா, வேலைக்காக சைகோன் வந்து ஒரு மாதம் ஆகிறது. ஆபீஸ் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் கறுப்பாக, உப்பும் இனிப்புமாக ஒரு இஞ்சிக் கோழி போடுகிறார்கள். ரொம்பப் பிடித்துவிட்டது. என்னிடம் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் ரைஸ் குக்கரும்தான் உண்டு. செய்து பார்த்தேன், கசந்துவிட்டது. எப்படிச் செய்வது?"

தம்பி, கசந்தது என்றால் சர்க்கரை கருகியிருக்கிறது. கோழியிலோ இஞ்சியிலோ தப்பில்லை. நான் வந்த புதிதில் எனக்கும் இதேதான் நடந்தது. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் என் அடுப்புக்கு அருகில் நின்று சொல்லிக்கொடுத்த பிறகுதான் கைவந்தது. அவர் செய்தபடியே சொல்கிறேன்.

வியட்நாமிய மொழியில் அதன் பெயர் கா கோ குங். கா கோழி, குங் இஞ்சி, நடுவில் இருக்கும் கோ என்பதுதான் சமைக்கும் விதம். நம் பேச்சில் சொன்னால் சுண்ட வைப்பது. மீன் சாற்றிலும் சர்க்கரைப் பாகிலும் கறியைக் கொதிக்கவிட்டு, அந்த நீர் வற்றித் துண்டுகளில் ஒட்டும்வரை அடுப்பில் வைப்பார்கள். சந்தையில் கேட்கும்போது கவனம்: மீனுக்கும் தமிழில் எழுதினால் 'கா'தான். கோழிக்கு 'கங்கை'யின் முதல் எழுத்து, குரலை இறக்கிச் சொல்லுங்கள். மீனுக்கு 'காக்கை'யின் முதல் எழுத்து, குரலை ஏற்ற வேண்டும்.

இரண்டு பேருக்கு எலும்போடு தொடைக்கறி 600 கிராம் வாங்குங்கள். நம் குழம்புத் துண்டில் பாதி அளவுக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். துண்டு பெரிதானால் நீர் சுண்டிய பிறகும் உள்ளே சப்பென்று இருக்கும். சாதாரணப் பண்ணைக் கோழி போதும். 'கா தா' என்ற நாட்டுக்கோழி கிடைத்தால் ருசி அதிகம், ஆனால் வேக இரு மடங்கு நேரம் பிடிக்கும்.

இஞ்சி 40 கிராம், கட்டைவிரல் பருமனில் இரண்டு துண்டு. முற்றிய இஞ்சியாகப் பார்த்து, தோல் சீவி, தீக்குச்சி போல மெல்லிசாக நறுக்குங்கள். சின்ன வெங்காயம் நான்கு, பூண்டு நான்கு பல், இரண்டையும் பொடியாக நறுக்கி வையுங்கள். இஞ்சி பூண்டு விழுதைத் தயவுசெய்து தொடாதீர்கள். விழுது பாகோடு சேர்ந்து அடிப்பிடிக்கும், சாறும் கலங்கிப் போகும். மல்லித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம்.

மீன் சாறு என்பது நுவாக் மாம். கடையில் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: நெத்திலி, உப்பு, இந்த இரண்டு மட்டும் எழுதியிருப்பதை எடுங்கள். சர்க்கரையும் வாசனையும் சேர்த்து நீர்க்க வைத்தது தொட்டுக்கொள்ளத்தான் சரி. லேபிளில் 30, 40 என்று எண் போட்டிருக்கும், அது புரதச் சத்தின் அளவைக் காட்டுகிறது. சுண்டவைக்க 30 போதும்.

கோழியைக் கழுவி நீரை நன்றாக வடித்து, மீன் சாறு 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, நறுக்கிய வெங்காயம் பூண்டில் பாதி, எல்லாம் போட்டுப் பிசறி 20 நிமிடம் ஊற வையுங்கள். உப்பு போட வேண்டாம், மீன் சாற்றில் இருப்பதே அதிகம்.

கோழி ஊறும் நேரத்தில் பாகு. நீங்கள் வழுக்கியது இங்கேதான். கனமான சின்னச் சட்டியில் சர்க்கரை 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 1 மேசைக்கரண்டி. தீயை நடுவுக்குக் கீழே வையுங்கள், கரண்டி போட்டுக் கிளறாதீர்கள். கிளறினால் சர்க்கரை மறுபடி பூத்துக் கட்டியாகிவிடும். சட்டியை மட்டும் சுழற்றிக் கொடுங்கள். இரண்டு நிமிடத்தில் நீர் போய்ப் பெரிய குமிழ்கள் வரும். அப்புறம் வைக்கோல் நிறம், தேன் நிறம், அதையும் தாண்டிச் செம்பழுப்பு. இந்தக் கடைசி நிறத்துக்கு இங்கே கரப்பான் சிறகு நிறம் என்று பெயர். கேட்க ஒரு மாதிரி இருந்தாலும் அதைவிடச் சரியான அடையாளம் வேறில்லை: ஒளி ஊடுருவும் செம்பழுப்பு. மொத்தம் 4, 5 நிமிடம் ஆகும், ஆனால் தேன் நிறத்திலிருந்து கருகலுக்குப் போக அரை நிமிடம்கூட ஆகாது. இண்டக்‌ஷனில் அடுப்பை அணைத்த பிறகும் சட்டிச் சூட்டில் நிறம் ஏறும். அதனால் கரப்பான் சிறகுக்குக் கொஞ்சம் முன்பே சட்டியை இறக்கிவிடுங்கள்.

இறக்கியதும் வெந்நீர் 3 மேசைக்கரண்டி ஊற்றுங்கள். பயங்கரமாகத் தெறிக்கும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். முதல் முறை நான் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன், பாகு கண்ணாடி மாதிரி இறுகிச் சட்டியோடு ஒட்டிக்கொண்டது. வெந்நீர் என்றால் கரைந்துவிடும். ஒரு சொட்டை ஆறவிட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசப்பின் சாயல் இருந்தால் பரவாயில்லை. கசப்பே முன்னால் நின்றால் கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள், பின்னால் எதைச் சேர்த்தாலும் அது போகாது.

இனி வேலை சுலபம். அகலமான சட்டியில் எண்ணெய் 1 மேசைக்கரண்டி காய்ந்ததும் மீதி வெங்காயம், பூண்டு, இஞ்சியில் முக்கால் பங்கு போட்டு ஒரு நிமிடம் வதக்குங்கள். கோழியைப் போட்டுத் தீயைக் கூட்டி 4 நிமிடம் பிரட்டுங்கள். கறி வெளுத்து, சுருங்கி இறுகினாற்போல் ஆகும். அப்போது பாகு முழுவதையும் ஊற்றிக் கலந்து, இளநீர் 200 மில்லி சேருங்கள். டப்பா இளநீராக இருந்தால் சர்க்கரை கலந்திருக்கும், அதில் பாதி எடுத்து மீதிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

கொதி வந்ததும் நுரையை வழித்து எடுத்துவிட்டு, தீயைக் குறைத்து, மூடியைப் பாதி திறந்து 15 நிமிடம் வையுங்கள். பிறகு மீதி இஞ்சியைப் போட்டு, மூடியை எடுத்துவிட்டு, தீயைக் கொஞ்சம் கூட்டி 8 முதல் 10 நிமிடம் சுண்ட விடுங்கள். கடைசி நான்கு நிமிடம் பக்கத்திலேயே நின்று பிரட்டிக்கொண்டிருக்க வேண்டும். கரண்டியால் சட்டியின் அடியை ஒரு இழு இழுத்தால் கோடு ஒரு நொடி நின்று மூட வேண்டும், நாலைந்து கரண்டிச் சாறு மட்டும் பளபளவென்று மிஞ்ச வேண்டும். அதுதான் பதம். சாறு முழுக்க வற்றிவிட்டால் உப்பு தூக்கலாகும், 2 மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுச் சரிசெய்யலாம். நாட்டுக்கோழி என்றால் கூடுதலாக 150 மில்லி தண்ணீர் ஊற்றி, பாதி மூடிய நிலையில் 35 நிமிடம் வையுங்கள். இறக்கும்போது மிளகுத்தூள் ஒரு சிட்டிகை.

ஒன்று முக்கியம் தம்பி, இதை நம் குழம்பு மாதிரி சாதத்தில் ஊற்றிப் பிசையாதீர்கள், உப்பு தாங்காது. ஒரு துண்டு கறி, அதற்கு மூன்று வாய் சாதம் என்ற கணக்கு. கூடவே வள்ளைக்கீரையைக் கொதிநீரில் 2 நிமிடம் போட்டு எடுத்து வையுங்கள், இங்கே அதை ராவ் முவாங் என்கிறார்கள். அந்தக் கீரைத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம், எலுமிச்சை பிழிந்தால் அதுவே சூப். வடக்கே ஹனோய் வீடுகளில் இதுவேதான் வழக்கம்.

மீந்ததை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். மறுநாள் இரண்டு கரண்டித் தண்ணீர் விட்டுச் சூடாக்கினால் இஞ்சி எலும்புவரை இறங்கியிருப்பது தெரியும். எனக்கு மறுநாள் கோழிதான் பிடிக்கும்.