மெதுவாக வாசித்தும் பிள்ளைகளுக்கு ஏன் புரியவில்லை?

கேள்வி: தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்கும் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு சிறு பத்தியை வாசித்துக் காட்டி வினாக் கேட்கிறேன். எல்லாம் ஏற்கெனவே நடத்திய சொற்கள்தான். நிறுத்தி நிதானமாக மூன்று முறை வாசித்தாலும் பாதிப் பேர் விழிக்கிறார்கள். இன்னும் மெதுவாக வாசிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். இப்போது வாசிக்கும் வேகத்தையே கொஞ்சம் கூட்டுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். பத்தியைக் கேட்டு விடை சொல்லத் தெரியாத நான்கைந்து பிள்ளைகளிடம் அதே பத்தியை அச்சிட்ட தாளில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததும் விடை சொல்லிவிட்டால் சொல் தெரியும், காதுக்குத்தான் பிடிபடவில்லை என்று பொருள். படித்தும் தெரியவில்லை என்றால் பத்தியே அவர்களுக்குக் கடினம். எத்தனை முறை வாசித்தாலும் பயனில்லை, வேறு பத்தி எடுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் வகுப்பு முதல் வகை.

ஒரு பத்தியை வைத்தே பார்ப்போம்.

“மணி மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தான். கதவு பூட்டியிருந்தது. பையிலிருந்த சாவியைத் தேடினான், காணவில்லை. பக்கத்து வீட்டு அம்மா அவனைக் கூப்பிட்டார். ‘உன் அம்மா சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார்’ என்றார். மணி சிரித்துக்கொண்டே சாவியை வாங்கிக்கொண்டான்.”

மொத்தம் 27 சொல். இதில் பிள்ளைக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இருக்காது. ஆனால் ‘உன் அம்மா’ என்பதை இயல்பாகச் சொல்லும்போது நம் வாயில் ‘உன்னம்மா’ என்றுதான் வருகிறது. ‘உன்’ தெரியும், ‘அம்மா’ தெரியும். ‘னம்மா’ என்று ஒன்றை அந்தப் பிள்ளை எங்கும் படித்ததில்லை. ‘பூட்டியிருந்தது’ என்பதிலும் அதே கதைதான். ‘பூட்டு’, ‘இரு’ இரண்டும் தெரிந்த பிள்ளை இதைப் புதுச்சொல் என்று நினைத்து அங்கேயே நின்றுவிடும். அது நின்று யோசிக்கும் நேரத்தில் நீங்கள் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவீர்கள்.

இதற்காக ‘பூட்-டி-யி-ருந்-த-து’ என்று பிய்த்து வாசித்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அப்படி யாரும் பேசுவதில்லை என்பதால், அந்த ஒலியைப் பழகிய காது வெளியே போனதும் மறுபடி திணறும். சொல்லை இழுக்காதீர்கள், வாக்கியங்களுக்கு இடையே இரண்டு மூன்று விநாடி இடைவெளி விடுங்கள். நீண்ட வாக்கியத்தில் பொருள் முடியும் இடத்தில் நிறுத்துங்கள். ‘பக்கத்து வீட்டு அம்மா’ ஒரே மூச்சில் வர வேண்டும், பிறகு ஒரு நொடி, பிறகு ‘அவனைக் கூப்பிட்டார்’. ‘பக்கத்து’ என்றதும் நிறுத்திவிட்டால், பிள்ளை புத்தகப் பக்கத்தை நினைத்துக்கொள்ளும்.

ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு: பெயர்கள். இதைப் பலரும் விட்டுவிடுவதால் விரிவாகவே சொல்கிறேன். நம் பெயர்களில் பாதி, பொருள் உள்ள சொற்கள். மேலே உள்ள முதல் வாக்கியத்தையே கேட்டுப் பாருங்கள்: ‘மணி மாலை ஐந்து மணிக்கு’. முதல் மணி ஆள், இரண்டாவது மணி நேரம், நடுவில் கழுத்தில் போடும் மாலையும் வந்து குழப்பும். நமக்கு இது குழப்பமே இல்லை. இரண்டாம் மொழிக்காரப் பிள்ளைக்கு முதல் வாக்கியத்திலேயே கதை தலைகீழாகிவிடும். பிறகு வரும் ‘வந்தான்’ யாரைப் பற்றியது என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கும். முத்து, மாலா, அன்பு, கண்ணன் என எந்தப் பெயரானாலும் வாசிக்கும் முன் கரும்பலகையில் எழுதி, “இது ஒரு பையனின் பெயர்” அல்லது “இது ஒரு பெண்ணின் பெயர்” என்று சொல்லிவிடுங்கள். பெயரைக் காதால் பிடிப்பது இந்தப் பாடத்தின் நோக்கம் அல்ல, அதனால் இது உதவி செய்வதாகாது. பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும், எவ்வளவு நிறுத்தியும் சொல்லலாம். மற்ற எந்தச் சொல்லுக்கும் இந்தச் சலுகை வேண்டாம்.

இனி வகுப்பு. பெயரை எழுதியதும் ஒரே ஒரு வினாவை முன்கூட்டிச் சொல்லுங்கள்: “மணியால் ஏன் உள்ளே போக முடியவில்லை?” பிறகு இயல்பான வேகத்தில் ஒரு முறை வாசியுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசிக்கொள்ளட்டும். அடுத்து இன்னும் இரண்டு வினாவைச் சொல்லிவிட்டு இரண்டாம் முறை வாசியுங்கள். பத்தியை வாசித்த பிறகு வினாக்களைக் கேட்டால் நினைவாற்றலைத்தான் சோதிக்கிறீர்கள்.

மூன்றாவதாக, இடறும் வாக்கியம் ஒன்றை மட்டும் எடுத்து இரண்டு முறை சொல்லி, காதில் விழுந்தபடி எழுதச் சொல்லுங்கள். ‘உனம்மா’, ‘உண்ணம்மா’ என்றெல்லாம் எழுதுவார்கள். அந்தப் பிழைகளுக்கு மதிப்பெண் போடாதீர்கள்; காது எங்கே இடறுகிறது என்று காட்டுவது அவைதான். உடனே பலகையில் ‘உன் + அம்மா’ என்று எழுதி, பிரித்து ஒரு முறை, சேர்த்து ஒரு முறை சொல்லிக் காட்டுங்கள். கடைசியில் பத்தியைக் கையில் கொடுத்து ஒரு முறையும், தாளைக் கவிழ்த்துவிட்டு ஒரு முறையும் வாசியுங்கள். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் போதும்.

“ஒரு முறைதான் வாசிக்க வேண்டும், பத்து வினா கேட்க வேண்டும், மதிப்பெண் பதிவேட்டில் ஏற வேண்டும்” என்று மேலிடம் சொல்கிறதே என்பீர்கள். அது தேர்வு நடத்தும் முறை. வாரா வாரம் தேர்வே வைத்தால் பிள்ளை எப்போதுதான் கேட்கக் கற்றுக்கொள்ளும்? 27 சொல் பத்தியில் பத்து வினாவுக்கு எங்கே போவது என்று அந்தப் பதிவேட்டைத் தயாரித்தவர் ஒரு நாளாவது வகுப்பில் நின்று பார்த்திருக்க வேண்டும். தேர்வைப் பருவத்துக்கு ஒரு முறை வையுங்கள்.

இந்தப் பதிவேட்டுத் தொல்லையைச் சாக்காக வைத்துத்தான் ‘ஒலிப்பதிவுடன் கேட்டல் பயிற்சி நூல்’ விற்பவர்கள் வருகிறார்கள். நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் இடைத்தரகர் ஒருவரின் பேச்சை நம்பி எல்லா வகுப்புக்கும் வாங்கினார்கள். உள்ளே இருந்தவை வாசித்துப் புரிந்துகொள்வதற்காக எழுதிய பத்திகள். நான்கு வரி நீளும் வாக்கியங்களைச் செய்தி வாசிப்பது போல ஒருவர் படித்திருந்தார். பிள்ளைகள் முகம் சுருங்குவது பதிவுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், உடனே நிறுத்தி மறுபடி சொல்ல உங்களால் முடியும்.

யாராவது அப்படி ஒரு நூலை நீட்டினால், பத்தியை மறைத்துவிட்டு வினாக்களை மட்டும் ஒரு பிள்ளையிடம் கேளுங்கள். “பூட்டிய கதவைத் திறக்க எது தேவை?” என்ற வினாவுக்குக் கதையே வேண்டாம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பத்து வினாவில் குருட்டாம்போக்கில் இரண்டு மூன்று சரியாகும். பத்தியைக் கேட்காமலே ஆறு ஏழு சரியானால் அந்த நூலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீங்களே எழுதும் வினாக்களையும் இப்படிச் சோதிப்பது நல்லது.

அடுத்த வாரம் புதுப் பத்தியைத் தொடங்கும் முன், மணியின் கதையை முன்னறிவிப்பு இல்லாமல் சற்று வேகமாக ஒரு முறை வாசியுங்கள். ‘உன்னம்மா’ வரும் இடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். நெற்றி சுருங்கினால் பலகையில் மறுபடி அந்த ஒரு வாக்கியம்.